கடையை மூடிய பிறகு வந்த ஜிஎஸ்டி நோட்டீஸ்: பதில் கொடுத்த கதை

எங்கள் ஃபேன்சி ஸ்டோரை 2025 மார்ச் 31 அன்று மூடினேன். ஏப்ரல் 21-ல் ஜிஎஸ்டி பதிவு ரத்து ஆணையும் கைக்கு வந்தது. இனி சேல்ஸ் டாக்ஸ் ஆபீஸ் பக்கம் போகும் வேலை இல்லை என்று நினைத்திருந்தேன். ஆகஸ்டில் மெயிலில் ஒரு நோட்டீஸ். 15 நாளுக்குள் ரிட்டர்ன் போட வேண்டுமாம்.

முதலில் நோட்டீஸின் தலைப்பைப் பாருங்கள். `GSTR-3A` என்று இருந்தால், ஏதோ ஒரு ரிட்டர்ன் பாக்கி என்று அர்த்தம். இதற்கு வாதம் எழுதிப் பயனில்லை, ரிட்டர்ன்தான் பதில். `DRC-01` என்று இருந்தால் அது வரி கேட்கும் நோட்டீஸ், அதற்கு எழுத்தில் பதில் தர வேண்டும். அது இந்தக் கட்டுரையில் இல்லை, ஆடிட்டரிடம் போங்கள்.

எனக்குப் பாக்கி இருந்தது இறுதி ரிட்டர்ன், அதாவது `GSTR-10`. ரத்தான தேதி, ரத்து ஆணை வந்த தேதி, இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். எனக்குக் கடைசி நாள் ஜூலை 21. ஜிஎஸ்டி போர்டலில் பழைய யூசர்நேம், பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்கிறது. உள்ளே போய் `Services > Returns > Final Return`. மொபைல் ஆப்பில் முயல வேண்டாம், கம்ப்யூட்டரில் உட்காருங்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம் சரக்கு இருப்பு. பதிவு ரத்தாவதற்கு முந்தைய நாள் கையில் இருந்த சரக்குக்கு, வாங்கும்போது கட்டிய வரிக்கு எடுத்த இன்புட் கிரெடிட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆனால் அந்தச் சரக்கை விற்றால் வரும் வரி அதைவிட அதிகம் என்றால் அந்த அதிகத் தொகையைத்தான் கட்ட வேண்டும். ரத்துக்கு விண்ணப்பித்தபோது நான் இருப்பு என்ற இடத்தில் சும்மா பூஜ்யம் போட்டிருந்தேன். உண்மையில் 42,000 ரூபாய்க்கு வாங்கிய பொருள் மிச்சம் இருந்தது. 18 சதவீதத்தில் எடுத்த கிரெடிட் 7,560. கழிவு விலைக்குத் தள்ளினால் 36,000 கிடைக்கும், அதற்கு வரி 6,480. ஆக 7,560 கட்ட வேண்டும்.

அப்புறம் குளிர்பானம் வைக்கும் ஃப்ரிட்ஜ் பெட்டி. 35,000-க்கு வாங்கி 6,300 கிரெடிட் எடுத்திருந்தேன். இந்த மாதிரி சாமானுக்கு 60 மாத ஆயுள் கணக்கு. 40 மாதம் ஓடிவிட்டது, மிச்சம் 20 மாதம், அதாவது மூன்றில் ஒரு பங்கு: 2,100. பழைய பெட்டியை 10,000-க்குக் கொடுத்தேன், வரி 1,800. இங்கும் பெரிய தொகையான 2,100-தான். இரண்டும் சேர்த்து 9,660.

ஒவ்வொரு பொருளுக்கும் கொள்முதல் பில்லின் எண், தேதி, சப்ளையரின் ஜிஎஸ்டி எண் கேட்கும். பில் இல்லாத சரக்குக்கு ஆடிட்டர் சான்றிதழ் ஏற்ற வேண்டியிருக்கும். கடையைக் காலி பண்ணும்போது பில் கட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது தாமதக் கட்டணம். ஒரு நாளைக்கு மத்திய வரிக்கு 100, மாநில வரிக்கு 100. ஒவ்வொன்றுக்கும் உச்சம் 5,000. நான் ஆகஸ்ட் 30-ல் போட்டேன், 40 நாள் தாமதம், 8,000 போனது. வட்டி தனி. சலான் போடும்போது கவனம்: வரியை `Tax` கட்டத்திலும், தாமதக் கட்டணத்தை `Fee` கட்டத்திலும் போடுங்கள். எனக்கு வரி 4,830 + 4,830, கட்டணம் 4,000 + 4,000. எல்லாவற்றையும் `Tax`-இல் தள்ளினால் கட்டணத்துக்குப் பணம் கழியாது. லெட்ஜரில் கிரெடிட் மிச்சம் இருந்தாலும் தாமதக் கட்டணத்துக்கு உதவாது, ரொக்கம்தான்.

இனி வரும் கடிதங்களுக்கான முகவரியில் வீட்டு முகவரியைக் கொடுங்கள். நான் காலி செய்த கடையின் முகவரியையே போட இருந்தேன், வீட்டுக்காரம்மா பார்த்துத் திருத்தினார். முன்னோட்டம் பார்த்து, ஓடிபி போட்டு முடித்தால் ஒப்புகை எண்ணான `ARN` வரும்.

கட்டாயமில்லை என்றாலும், ரிட்டர்ன் நகலோடு அதிகாரிக்கு ஒரு கடிதமும் கொடுத்து, என் பிரதியில் சீல் வாங்கிக்கொண்டேன்:

"ஐயா, மேற்கண்ட எண்ணுள்ள பதிவு 31.03.2025 முதல் ரத்தாகிவிட்டது. தங்கள் GSTR-3A நோட்டீஸில் கேட்ட இறுதி ரிட்டர்னை 30.08.2025 அன்று தாமதக் கட்டணத்துடன் தாக்கல் செய்துவிட்டேன். ARN நகல் இணைத்துள்ளேன். நடவடிக்கையை முடித்துக்கொள்ள வேண்டுகிறேன்."

பிற்சேர்க்கை: காம்போசிஷன் திட்டத்தில் இருந்தவர்கள் பலர் கேட்டிருந்தார்கள். உங்களுக்கு `GSTR-10` கிடையாது, பாக்கி இருந்தால் அது `GSTR-4`. இன்னொருவர் நோட்டீஸைக் கவனிக்காமல் விட்டு, அதிகாரி தாமாகவே வரியை மதிப்பிட்ட `ASMT-13` ஆணை வரை வந்துவிட்டது. அது கைக்கு வந்த 60 நாளுக்குள் ரிட்டர்னை முறையாகப் போட்டால் அந்த ஆணை ரத்தானதாகவே கருதப்படும், வட்டியும் தாமதக் கட்டணமும் மட்டும் நிற்கும்.