தாங்கி முதலில், வடிகட்டி பிறகு

வணக்கம். சித்திரை வெயிலுக்கு முன், இந்த ஞாயிறு மொட்டைமாடித் தாங்கிகளைக் கழுவுகிறோம். வடிகட்டி சர்வீஸ் செய்ய இருப்பவர்கள் தயவுசெய்து திங்கள் பின்னேரம் வரை பொறுங்கள். போன வருடம் நான் சர்வீஸை முதலில் செய்துவிட்டேன். தாங்கி கழுவும்போது கிளம்பிய மண்டி வந்து, புது வெள்ளைப் பில்டர் இரண்டே நாளில் மண்ணிறமாகிவிட்டது.

கழுவியபின் 1000 லீற்றர் தண்ணீருக்கு 5 வீதக் குளோரின் திரவம் 1 லீற்றர் கலந்து இரவு முழுக்க விடுவோம். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ குளிக்கவோ வேண்டாம். தேவையானதைச் சனிக்கிழமையே பிடித்து வையுங்கள். அவ்வளவு குளோரின் ஆர்.ஓ. மெம்பிரேனையும் கெடுக்கும். ஆகவே வடிகட்டிக்குப் போகும் வால்வைச் சனி இரவே பூட்டுங்கள். திங்கள் காலை தாங்கியை வடித்து மறுபடி நிரப்புவோம். குளோரின் மணம் போகும்வரை எல்லாப் பைப்பையும் ஓடவிட்டு, அப்புறம் வால்வைத் திறவுங்கள்.