சிறு கணக்கில் ஆர்டர் போடும் முன்: பிப், லாட், லெவரேஜ் கணக்கு

நாணய வர்த்தகத்துக்குப் புதிதாக வருகிறவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் "எவ்வளவு லெவரேஜ் கிடைக்கும்?", அதாவது கையில் உள்ள பணத்தைப்போல எத்தனை மடங்கு தொகைக்கு வர்த்தகம் செய்ய விடுவார்கள் என்பதாகவே இருக்கிறது. கணக்கின் வரிசையில் அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. இந்த ஒரு வர்த்தகத்தில் எவ்வளவு பணம் இழக்கத் தயார் என்பது முதலில். விலை எங்கே போனால் நம் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொள்வோம் என்பது அடுத்தது. இரண்டும் முடிவானால் எவ்வளவு வாங்குவது என்ற லாட் அளவு தானாகவே வந்துவிடும். அந்த லாட்டைத் தாங்க மார்ஜின், அதாவது புரோக்கர் பிணையாகப் பிடித்து வைக்கும் பணம், இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் லெவரேஜ்.

ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். கணக்கில் 300 டாலர் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உரிமம் பெற்ற புரோக்கர். வாங்க நினைப்பது EUR/USD, அதாவது டாலர் கொடுத்து யூரோ வாங்கும் நாணய ஜோடி. திரையில் நாம் விற்கும் விலை 1.0999, நாம் வாங்கும் விலை 1.1000.

முதல் படி: ஒரு பிப் எத்தனை காசு?

பெரும்பாலான ஜோடிகளில் நான்காவது தசம இடம்தான் பிப். 1.1000 என்பது 1.1001 ஆனால் ஒரு பிப் நகர்ந்திருக்கிறது. ஒரு முழு லாட் என்பது 1,00,000 யூரோ. திரையில் 0.10 என்று போட்டால் 10,000 யூரோ, 0.01 என்று போட்டால் 1,000 யூரோ. சிறு கணக்குக்காரருக்குப் பெரும்பாலும் பயன்படுவது இந்த 0.01 மட்டுமே; மைக்ரோ லாட் என்பார்கள்.

```
பிப் மதிப்பு = யூனிட்கள் × பிப் அளவு
1000 × 0.0001 = 0.10 டாலர்
```

ஆக 0.01 லாட்டில் ஒரு பிப் 10 சென்ட். முழு லாட்டில் 10 டாலர். ஜோடியின் இரண்டாவது நாணயம் டாலராக இருக்கும்போது இந்த எண் மாறுவதே இல்லை. யூரோ என்ன விலைக்குப் போனாலும் அதே 10 சென்ட்தான்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. இப்போது பல தளங்கள் ஐந்தாவது தசம இடத்தையும் காட்டுகின்றன: 1.10003 என்பதுபோல. மெட்டாடிரேடர் போன்ற மென்பொருள்கள் அந்தக் கடைசி இடத்தைப் 'பாயிண்ட்' என்று எண்ணுகின்றன. பத்துப் பாயிண்ட் சேர்ந்தால்தான் ஒரு பிப். விலை நமக்கு எதிராகக் குறிப்பிட்ட தூரம் போனால் வர்த்தகத்தைத் தானாக மூடும் ஆர்டர்தான் ஸ்டாப் லாஸ். அதைப் பாயிண்டில் கேட்கும் இடத்தில் 25 என்று போட்டுவிட்டால் அது இரண்டரைப் பிப் தூரம். ஒரு நிமிட ஆட்டத்திலேயே அடிபட்டுவிடும். 25 பிப் வேண்டுமென்றால் அங்கே 250 போடவேண்டும். ஸ்டாப்பைத் தூரமாகக் கொடுக்காமல் விலையாகவே எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

இரண்டாவது படி: எவ்வளவு இழக்கலாம்?

ஒரு வர்த்தகத்துக்கு ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 300 டாலரில் 3 டாலர். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் தொடர்ந்து பத்து முறை தோற்றாலும் 270 டாலருக்கு மேல் மிச்சம் இருக்கும். ஒரு முறைக்குப் பத்து சதவீதம் என்று போனால் அதே பத்துத் தோல்வியில் ஏறக்குறைய 105 டாலர்தான் மிஞ்சும். அங்கிருந்து பழைய 300-க்குத் திரும்ப, இருப்பதை மூன்று மடங்காக்க வேண்டும்.

மூன்றாவது படி: ஸ்டாப் லாஸ் எவ்வளவு தூரம்?

இதை வரைபடம் பார்த்து முடிவு செய்யவேண்டும், பணப்பையைப் பார்த்து அல்ல. அண்மையில் விலை 1.0978-இல் தாங்கி மேலே திரும்பியிருக்கிறது என்றால் அதற்குச் சற்றுக் கீழே, 1.0975-இல் ஸ்டாப் வைக்கலாம். நாம் வாங்கும் விலை 1.1000. தூரம் 25 பிப்.

தூரத்தை எப்போதும் உங்கள் ஆர்டர் நிறைவேறும் விலையிலிருந்து அளக்கவேண்டும். வரைபடம் வழக்கமாக விற்கும் விலையைத்தான் வரைகிறது. அதிலிருந்து அளந்தால், இரண்டு விலைகளுக்கும் இடையிலான வித்தியாசமான ஸ்பிரெட் ஒரு பிப் விட்டுப்போய் 24 என்று வரும். விற்று ஆரம்பிக்கும் வர்த்தகத்தில் இது தலைகீழ்: அங்கே ஸ்டாப்பைத் தொடுவது வாங்கும் விலை. வரைபடத்தில் விலை அந்தக் கோட்டை எட்டாதபோதே ஸ்டாப் அடித்துவிட்டது என்று பலர் புரோக்கரைச் சந்தேகிப்பார்கள்; பல நேரங்களில் காரணம் இந்த ஒரு பிப் இடைவெளிதான். அதனால் விற்கும்போது ஸ்டாப்பை ஸ்பிரெட் அளவுக்கு இன்னும் மேலே தள்ளி வையுங்கள்.

நான்காவது படி: லாட்

```
லாட் = இழப்பு வரம்பு ÷ (ஸ்டாப் பிப் × ஒரு லாட்டின் பிப் மதிப்பு)
3 ÷ (25 × 10) = 0.012
```

0.012 லாட் போட முடியாது, 0.01 அல்லது 0.02 தான். எப்போதும் கீழ்நோக்கியே சரிசெய்யுங்கள். 0.01 போட்டால் ஸ்டாப் அடித்தால் இழப்பு 2.50 டாலர். 0.02 போட்டால் 5 டாலர். ஒரு சதவீதம் என்று சொன்னது ஒன்றே முக்காலுக்கு நெருங்கிவிடும். உங்கள் கணக்கில் தனியாக கமிஷன் பிடிக்கிறார்கள் என்றால் அதையும் இழப்போடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படியில்தான் சிறு கணக்கின் உண்மையான எல்லை தெரியவரும். 0.01-க்குக் கீழே போக முடியாத இடத்தில் ஸ்டாப் 60 பிப் தள்ளி இருந்தால் இழப்பு 6 டாலர், அதாவது இரண்டு சதவீதம். அப்போது இரண்டே வழி: அந்த வர்த்தகத்தை விட்டுவிடலாம், அல்லது இரண்டு சதவீதம் என்று தெரிந்தே எடுக்கலாம். ஸ்டாப்பை 30 பிப்புக்குச் சுருக்கி "இப்போது மூன்று டாலர்தான்" என்று சொல்லிக்கொள்வதை நான் வழியாகவே எண்ணமாட்டேன். விலை இயல்பாக ஆடும் இடத்துக்குள் ஸ்டாப்பைக் கொண்டுவந்து வைப்பது, இழப்பைக் குறைக்காது. இழக்கும் தடவைகளைத்தான் கூட்டும். ஒரு சதவீத விதியோடு 40 பிப் ஸ்டாப் வைத்து 0.01 போட வேண்டுமானால் கணக்கில் 400 டாலர் இருந்தாக வேண்டும். 100 டாலர் கணக்கில் அதே விதிக்கு 10 பிப்தான் இடம்.

யென் ஜோடியில் என்ன மாறும்?

யென் ஜோடிகளில் இரண்டாவது தசம இடம்தான் பிப். USD/JPY 150.00-இல் இருக்கும்போது 1,000 டாலர் வாங்கினால் ஒரு பிப் 1000 × 0.01 = 10 யென். கணக்கு டாலரில் இருப்பதால் அதை 150-ஆல் வகுக்கவேண்டும்: 6.67 சென்ட். 40 பிப் ஸ்டாப்புக்கு 2.67 டாலர். இந்தப் பிப் மதிப்பு விலையோடு சேர்ந்து மாறும். விலை 120 ஆனால் அதே பிப் 8.33 சென்ட். யூரோவுக்குப் போட்ட 10 சென்ட்டை இங்கே அப்படியே தூக்கிப் போடக்கூடாது.

ஐந்தாவது படி: இப்போது லெவரேஜ்

```
மார்ஜின் = யூனிட்கள் × விலை ÷ லெவரேஜ்
1000 × 1.1000 ÷ 30 = 36.67 டாலர்
```

ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பான எஸ்மா 2018 ஆகஸ்டிலிருந்து சில்லறை வாடிக்கையாளருக்கு முக்கிய ஜோடிகளில் 30 மடங்குக்கு மேல் லெவரேஜ் தரக்கூடாது என்று வரம்பு வைத்தது. அமெரிக்காவில் முக்கிய ஜோடிகளுக்கு 50 மடங்கு. கட்டுப்பாடு குறைந்த இடங்களில் பதிவு செய்த புரோக்கர்கள் 500 மடங்கு என்றும் விளம்பரம் செய்கிறார்கள். நம் 0.01 லாட்டுக்கு 500 மடங்கில் மார்ஜின் வெறும் 2.20 டாலர். ஆனால் கவனியுங்கள்: ஒரு பிப் 10 சென்ட் என்பதோ, ஸ்டாப் அடித்தால் 2.50 டாலர் என்பதோ மாறவே இல்லை. இழப்பைத் தீர்மானிப்பது லாட். லெவரேஜ் தீர்மானிப்பது, எவ்வளவு பெரிய லாட் போட உங்களை அனுமதிப்பார்கள் என்பதை மட்டுமே.

அந்த அனுமதியை முழுக்கப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? 300 டாலரோடு 500 மடங்கில் ஒரு முழு லாட் வாங்க முடியும். மார்ஜின் 220 டாலர். ஒரு பிப் இப்போது 10 டாலர். கணக்கின் மதிப்பு மார்ஜினில் பாதியாக, அதாவது 110 டாலராக, விழும்போது புரோக்கர் வர்த்தகத்தை மூடிவிடுவார் என்று வைத்துக்கொண்டால், அதற்கு 190 டாலர் இழந்தால் போதும். 19 பிப்! நம் ஸ்டாப் 25 பிப் தள்ளி இருக்கிறது. அதை எட்டும் முன்பே புரோக்கர் மூடிவிடுவார்.

30 மடங்கில் அதிகபட்சம் 0.08 லாட்தான் போட முடியும். மார்ஜின் 293.33 டாலர், ஒரு பிப் 80 சென்ட். பாதி மார்ஜின் விதிப்படி ஏறக்குறைய 192 பிப் எதிராகப் போனால்தான் மூடப்படும். அதுவும் நல்ல வர்த்தகம் அல்ல, ஆனால் 19 பிப்புக்கும் 192 பிப்புக்கும் உள்ள வேறுபாடு அந்த வரம்பு எதற்கு என்பதைச் சொல்லிவிடும்.

இந்தியாவில் வசிப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. வெளிநாட்டு புரோக்கருக்கு மார்ஜினாகப் பணம் அனுப்ப அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தரவில்லை. அனுமதியில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கியே வெளியிடுகிறது. பங்குச் சந்தைகளில் உள்ள டாலர்–ரூபாய் ஒப்பந்தம் சட்டப்படியானது. அங்கே ஓர் ஒப்பந்தம் 1,000 டாலர், விலையின் மிகச் சிறு நகர்வு 0.0025 ரூபாய், ஆகவே ஒரு நகர்வு 2.50 ரூபாய். ஆனால் 2024 மே முதல் நடப்பில் உள்ள விதிப்படி, அந்நியச் செலாவணியில் உண்மையான வரவோ செலவோ உள்ளவர்களுக்குத்தான் அந்தச் சந்தை.

ஆர்டர் பொத்தானுக்கு முன் ஒரு சோதனை

தளத்தில் அந்த ஜோடியின் விவரப் பக்கத்தைத் திறந்து `Contract size` என்ற இடத்தில் 100000 இருக்கிறதா என்று பாருங்கள். சென்ட் கணக்குகளில் லாட்டின் அளவோ, இருப்பைக் காட்டும் அலகோ வேறாக இருக்கலாம். பிறகு டெமோ கணக்கில் `Volume` கட்டத்தில் 0.01 போட்டு வாங்குங்கள். விலை ஒரு பிப் நகரும்போது லாபநட்டம் 0.10 மாறவேண்டும். 1.00 மாறினால் உங்கள் லாட் கணக்கு பத்து மடங்கு தவறு.

இத்தனையும் சரியாக இருந்தாலும், ஸ்டாப் வைத்த விலையிலேயே வெளியே வருவோம் என்ற உறுதி கிடையாது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போகாமல் தான் காத்துவந்த வரம்பை முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. 1.20-க்குச் சற்றுக் கீழே ஸ்டாப் வைத்திருந்த பலருடைய ஆர்டர்கள் மிகக் கீழான விலைகளில்தான் நிறைவேறின. கணக்கில் இருந்ததைவிட அதிகம் இழந்தவர்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விதிகளின் கீழ் இப்போது சில்லறைக் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகாது. சாதாரண நாட்களிலும் வெள்ளி இரவு மூடும் விலைக்கும் அடுத்த திறப்பு விலைக்கும் இடையே தாவல் வரும். வார இறுதியைத் தாண்டி வர்த்தகத்தை வைத்திருப்பதானால், 25 பிப்புக்குப் பதில் 100 பிப் என்று வைத்து இன்னொரு முறை பெருக்கிப் பாருங்கள்: 0.01 லாட்டில் 10 டாலர், 300 டாலர் கணக்கில் மூன்று சதவீதத்துக்கு மேல். அது ஏற்கமுடியாத தொகை என்றால் வெள்ளிக்கிழமை சந்தை மூடும் முன் வெளியே வந்துவிடுங்கள்.