நடப்பு விகிதம் உயர்ந்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள்

கடன் கேட்டு வரும் நிறுவனங்களின் இருப்புநிலைக் குறிப்பை ஆராய்ந்து புதியவர்கள் எழுதும் அறிக்கைகளைத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. சூத்திரத்தைத் தலைகீழாகப் போடுவது, கூட்டலில் பிசகுவது போன்றவை நாளடைவில் தாமாகவே சரியாகிவிடும். அவற்றை இங்கே பேசப்போவதில்லை.

சரக்கால் உயர்ந்த விகிதத்தை முன்னேற்றம் என்று எழுதுவது

இத்தனை அறிக்கைகளைப் பார்த்த பிறகும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்.

ஓர் உற்பத்தி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தொகைகள் எல்லாம் லட்சத்தில். முதல் ஆண்டில் ரொக்கம் 70, கடனுக்கு வாங்கிய வாடிக்கையாளர்களான கடனாளிகள் தர வேண்டியது 110, சரக்கிருப்பு 120. ஆக நடப்புச் சொத்துகள் 300. ஓராண்டுக்குள் அடைக்க வேண்டிய நடப்புப் பொறுப்புகள் 200. முன்னதைப் பின்னதால் வகுத்தால் நடப்பு விகிதம் 1.5. சரக்கை விலக்கினால் மிஞ்சுவது 180. விரைவு விகிதம் 0.9.

அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் கையிலிருந்த ரொக்கத்தில் 60 கொடுத்துச் சரக்கு வாங்கியது. போதாதென்று நீண்டகாலக் கடனாக 100 பெற்று, அதையும் சரக்கிலேயே போட்டது. இப்போது ரொக்கம் 10, கடனாளிகள் 110, சரக்கு 280, மொத்தம் 400. நீண்டகாலக் கடன் நடப்புப் பொறுப்புகளில் சேராததால் அவை 200 ஆகவே நிற்கின்றன. நடப்பு விகிதம் 2. பாடநூல் சொல்லும் 2:1 கச்சிதமாக வந்துவிட்டது!

இப்படிப்பட்ட கணக்கைப் பார்த்த ஒருவர், "குறுகியகாலக் கடன்களை அடைக்கும் திறன் கணிசமாக உயர்ந்துள்ளது" என்று எழுதிக்கொண்டு வந்தார்.

"அடுத்த மாதம் கடனீந்தோருக்கு எதிலிருந்து கொடுப்பார்கள்?" என்று கேட்டேன்.

"நடப்புச் சொத்து 400 இருக்கிறதே, சார்."

"அதில் 280 கிடங்கில் கிடக்கிறது. வாங்க ஆள் வர வேண்டாமா?"

விரைவு விகிதத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ரொக்கமும் கடனாளிகளும் சேர்ந்து 120. அதை 200-ஆல் வகுத்தால் 0.6. ஒரே ஆண்டில் ஒரு விகிதம் 1.5-லிருந்து 2-க்கு ஏறியிருக்கிறது, மற்றொன்று 0.9-லிருந்து 0.6-க்கு இறங்கியிருக்கிறது. ரொக்கம் கொடுத்துச் சரக்கு வாங்கும்போது நடப்புச் சொத்தின் மொத்தம் மாறுவதில்லை. அதனால் நடப்பு விகிதத்துக்கு அந்தச் செலவு தெரியவே தெரியாது. விரைவு விகிதம் மட்டுமே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

இத்தோடு நிறுத்தாமல், சரக்கு எத்தனை நாளில் பணமாகும் என்றும் பார்க்க வேண்டும். விற்ற சரக்கின் அடக்கவிலை ஆண்டுக்கு 560 என்றால், 280 என்பது அரையாண்டுச் சரக்கு. முந்தைய ஆண்டும் விற்பனை இதே அளவுதான் என்றால், 120 என்பது ஏறக்குறைய 78 நாள் சரக்கு. விற்பனை ஏறாமல் கிடங்கு மட்டும் நிரம்பியிருக்கிறது. விற்ற பிறகும் கடனாளிகளிடமிருந்து வசூலாக இரண்டு மாதம் பிடித்தால், இன்று கிடங்கில் நுழையும் பொருள் பணமாகத் திரும்ப எட்டு மாதம் ஆகும். கடனீந்தோர் தந்த தவணை 45 நாள் என்றால் இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது?

விலை இறங்கினாலோ பொருள் பழையதாகிவிட்டாலோ நிலைமை இன்னும் மோசம். சரக்கை அடக்கவிலை, நிகரமாக விற்றுப் பெறக்கூடிய மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும். 280-ல் 100 தேறாது என்று தள்ளுபடி செய்தால் நடப்பு விகிதம் மறுபடியும் 1.5. விரைவு விகிதமோ அதே 0.6, அது அந்த மதிப்பீட்டை முதலிலிருந்தே நம்பவில்லை.

முன்கூட்டிச் செலுத்திய செலவுகளைக் கழிக்க மறப்பது

கட்டிய காப்பீட்டுத் தொகையைக் கொண்டு யாருக்கும் கடன் அடைக்க முடியாது. விரைவுச் சொத்தைக் கணக்கிடும்போது சரக்கோடு அதையும் கழியுங்கள்.

எல்லாக் கடனாளிகளையும் விரைவுச் சொத்தாக எண்ணுவது

ஓராண்டாக வராத பாக்கி, விற்காத சரக்கைவிட மேலானதல்ல. கடனாளிகள் பட்டியலை நிலுவை நாள்வாரியாகக் கேட்டு வாங்குங்கள்.

விரைவு விகிதம் 1-க்குக் கீழே என்றாலே நிராகரிப்பது

முதலில் சொன்ன தவறிலிருந்து தப்பியவர்கள் விழும் குழி இது. ரொக்கத்துக்கே விற்கும் சில்லறை வணிகத்தில் கடனாளிகள் இருக்கவே மாட்டார்கள். சரக்கு இரண்டு மூன்று வாரத்தில் விற்றுத் தீரும், வழங்குநருக்கு ஒரு மாதம் கழித்துக் கொடுத்தால் போதும். அங்கே 0.4 என்பதும் சாதாரணமாக இருக்கலாம். அதே 0.4, ஆறு மாதம் சரக்கு தேங்கும் இயந்திர உற்பத்தியாளரிடம் தென்பட்டால் நான், கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க வங்கி அனுமதித்த மேல்வரைப்பற்றில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்பேன்.