தீ அணைந்தாலும் பிராந்தி போகவில்லை

பினாங்கில் எங்கள் வீட்டு சிக்கன் சாப்புக்கு மிளகு சாஸ் செய்யும்போது அண்ணன் பிராந்தி ஊற்றிப் பற்றவைப்பார். நீலத் தீ அரை நிமிடம் ஆடி அணைந்ததும், "சாராயம் எல்லாம் எரிஞ்சு போச்சு, கலோரி கணக்குல சேர்க்காதே" என்பார். அது தப்பு. ஆவியில் ஆல்கஹால் குறைந்தால் தீ தானாக அணைந்துவிடும், ஆனால் சுமார் முக்கால் பங்கு சட்டியிலேயே இருக்கும்.

கணக்கு இதுதான். 40% பிராந்தி 60 மில்லி ஊற்றினால் அதில் ஆல்கஹால் 24 மில்லி, எடையில் 19 கிராம். கிராமுக்கு 7 கலோரி, ஆக 133. பற்றவைத்து அணைந்ததும் இறக்கினால் சுமார் 100 மிச்சம். அதே சாஸை மூடாமல் 15 நிமிடம் கொதிக்கவிட்டால் 40% தங்கும், அதாவது 53 கலோரி. ஒரு மணி நேரம் விட்டாலும் கால்வாசி தங்குகிறது, முழுசாகப் போவதே இல்லை.

இதெல்லாம் தோராயம்தான், சட்டியைப் பொறுத்து மாறும். அகலமான வாணலியில் வேகமாகப் போகும், மூடி போட்டால் ஆவி திரும்பச் சொட்டிவிடும். இனிப்பு மதுவாக இருந்தால் சர்க்கரையின் கலோரி கொஞ்சமும் ஆவியாகாது, அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 25 கலோரிதான், சரி. அண்ணன் அப்புறம் ஊற்றும் கால் கப் கிரீம் மட்டும் 200 தாண்டும்.