சம்பளச் சீட்டை வைத்துக் கடன் தகுதியைக் கணக்கிடுவது: சென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சென்னைக்கு வந்து வேலையில் சேர்ந்தவர்கள், ஒரு வருடம் ஆனதும் வீட்டுக் கடன் பற்றிக் கேட்க ஆரம்பிக்கிறார்கள். வங்கி வாசலை மிதிக்கும் முன்பே, எவ்வளவு கிடைக்கும் என்பதை ஒரு சம்பளச் சீட்டையும் இப்போது கட்டும் தவணைகளையும் வைத்து நாமே ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

மஸ்கட்டில் ஏழு வருடம் இருந்துவிட்டு வந்த என் சித்தப்பா மகன், சோழிங்கநல்லூரில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். வயது 32. போன மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து, "அண்ணா, கையில 83,992 வருது. பாதி தவணை கட்டலாம்னா 48 லட்சம் வரைக்கும் கிடைக்கும்ல?" என்றான். கூட்டல் பெருக்கலில் தவறில்லை. ஆரம்பித்த இடம்தான் தவறு.

சீட்டை விரித்துப் பார்த்தோம். அடிப்படைச் சம்பளம் 40,000, வீட்டு வாடகைப் படி 20,000, சிறப்புப் படி 20,000. அதன் கீழே ஊக்கத்தொகை 9,000. இது அந்த ஒரு மாதம் மட்டும் வந்தது. மாதாமாதம் வராத தொகையை வங்கி முழுதாக எடுக்காது. சில வங்கிகள் கடந்த மாதங்களின் சராசரியில் ஒரு பகுதியைச் சேர்க்கும், சில அடியோடு விட்டுவிடும். நாம் கணக்குப் போடும்போது விட்டுவிடுவதே நல்லது. மீதி 80,000. பிடித்தத்தில் பி.எஃப். 4,800, தொழில் வரி 208. ஆக நிலையாகக் கைக்கு வருவது 74,992. சுலபமாக இருக்கட்டும் என்று 75,000 என்று வைத்துக்கொண்டோம்.

அப்புறம் தவணைகள். பைக் கடன் 4,200. வந்த புதிதில் வீட்டு அட்வான்ஸ் கொடுக்க வாங்கிய பெர்சனல் லோன் 8,800. அவன் சொல்ல மறந்தது கிரெடிட் கார்டு. அதில் 40,000 பாக்கி நின்றது. கார்டுக்குத் தவணை இல்லையே என்று நினைப்போம். ஆனால் பாக்கியில் 5 சதவீதத்தை மாதக் கடமையாக எடுத்துக்கொள்வது வங்கிகளின் வழக்கம். அது 2,000. மொத்தம் 15,000. இதை 75,000-ஆல் வகுத்தால் 20 சதவீதம். அவனுடைய இன்றைய கடன் விகிதம் இதுதான்.

இந்த அளவு சம்பளத்துக்குப் புதுத் தவணையையும் சேர்த்து 50 சதவீதம் வரை பொதுவாக அனுமதிப்பார்கள். சம்பளம் குறைந்தால் வரம்பு 40-க்கு இறங்கும், கூடினால் ஏறும். 75,000-இல் பாதி 37,500. அதில் 15,000 போக, புதுக் கடனுக்கு மிஞ்சும் தவணை 22,500.

இதைக் கடன் தொகையாக மாற்ற ஒரு எண் தெரிந்தால் போதும். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு ஒரு லட்சத்தின் தவணை 868 ரூபாய். 22,500-ஐ 868-ஆல் வகுத்தால் 25.9. அதாவது சுமார் 26 லட்சம். 48 எங்கே, 26 எங்கே! அவன் முகம் வாடிவிட்டது.

அதே எண்ணைத் திருப்பிப் பார்த்தால் வழியும் தெரிகிறது. மாதம் 868 ரூபாய்த் தவணை எங்காவது ஓடினால், வீட்டுக் கடனில் ஒரு லட்சம் குறைகிறது என்று பொருள். பெர்சனல் லோனில் இன்னும் 8 தவணைதான் பாக்கி, முடித்துவிட 67,000 ரூபாய் அளவில் ஆகும். முன்கூட்டி அடைக்கும் கட்டணம் தனி. அதைக் கட்டி முடித்தால் 8,800 விடுபடுகிறது, தகுதி 36 லட்சத்துக்கு ஏறுகிறது. சில மாதங்களில் முடியும் கடனைச் சில வங்கிகள் கணக்கிலேயே எடுக்காது. அதனால் அடைக்கும் முன் கேட்டுவிடுங்கள். அடைத்தால் கடன் முடிந்த சான்றிதழை வாங்கி, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள். பழைய அறிக்கையோடு போனால் அந்த 8,800 திரும்பக் கழிக்கப்படும்.

வயது கூடியவர்களுக்கு எண் மாறும். சம்பளக்காரர்களுக்குப் பெரும்பாலும் 60 வயதுக்குள் கடன் முடிய வேண்டும். 44 வயதில் வந்தவருக்கு 16 வருடம்தான், லட்சத்துக்குத் தவணை 955. அதே 22,500-க்கு அவருக்குக் கிடைப்பது சுமார் 23.6 லட்சம்.

வெளிநாட்டில் இன்னும் கடன் ஓடுகிறது என்றால், அது இங்கே சிபிலில் தெரியாது. ஆனால் ஆறு மாத வங்கிக் கணக்கு விவரத்தைக் கேட்பார்கள், மாதாமாதம் அங்கே பணம் போவது அதில் தெரிந்துவிடும். நீங்களே முதலில் சொல்லி, மேலே போட்ட கணக்கிலும் சேர்த்துவிடுங்கள்.

வாடகையைப் பல வங்கிகள் இந்தக் கணக்கில் கழிப்பதில்லை. நீங்கள் கழியுங்கள். கட்டி முடியாத ஃபிளாட் என்றால் சாவி வரும் வரை வாடகையும் உங்கள் கையிலிருந்துதான் போகும். என் தம்பிக்கு வாடகை 18,000. அதனால் 36 லட்சம் கிடைக்கும் என்று தெரிந்தும், 30-க்கு மேல் வேண்டாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.