அடுத்த வருட ரூபாய்க்கு இன்று என்ன விலை?

அடுத்த வருடம் இதே நாளில் உங்கள் கைக்கு 10,000 ரூபாய் வரப்போகிறது. நிச்சயம் வரும், சந்தேகமே வேண்டாம். ஆனாலும் இன்றைய கணக்கில் அது 10,000-க்குக் குறைவுதான். எவ்வளவு குறைவு என்று போட்டுப் பார்த்தாலே காரணமும் பிடிபடும்.

முதலில் ஒரு வட்டி விகிதம் வேண்டும். இதே அளவு நிச்சயமான இடத்தில் இன்று பணம் போட்டால் வருடத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று பாருங்கள். 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பணம் வருமா என்ற சந்தேகம் கூடினால் விகிதத்தையும் கூட்ட வேண்டும்.

அடுத்து, இன்று எவ்வளவு போட்டால் ஒரு வருடத்தில் சரியாக 10,000 ஆகும் என்று கேளுங்கள். போடும் தொகை 1.08 மடங்காக வளரும். எனவே பின்னோக்கி வர, 1.08-ஆல் வகுத்தால் போதும்.

```
10,000 / 1.08 = 9,259.26
```

இதுதான் நிகழ்கால மதிப்பு. இன்று 9,259.26 கையில் இருந்தால், அதை வட்டிக்கு விட்டு அடுத்த வருடம் நீங்களே 10,000 ஆக்கிக்கொள்ளலாம். அப்படியிருக்க, அடுத்த வருடப் பணத்துக்காக இன்று அதைவிட அதிகம் ஏன் கொடுக்க வேண்டும்?

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். 10,000-இல் 8 சதவீதத்தைக் கழித்து 9,200 என்று எழுதிவிடுவார்கள். சரியா என்று பார்க்க, விடையைத் திரும்ப வளர்த்துப் பாருங்கள். 9,200-ஐ 1.08-ஆல் பெருக்கினால் 9,936தான் வருகிறது, 64 ரூபாய் குறைகிறது. வட்டி ஏறுவது இன்று போடும் தொகையின் மேல். கழித்தவரோ அதை அடுத்த வருடத் தொகையின் மேல் கணக்கிட்டுவிட்டார். பணம் இரண்டு வருடம் கழித்து வருவதாக இருந்தால் 1.08-ஆல் இரண்டு முறை வகுக்க வேண்டும்: 8,573.39.

விலைவாசி ஏறுவதால்தான் மதிப்பு குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. விலைகள் அப்படியே நின்றாலும், வட்டி கிடைக்கிற வரை மேலே போட்ட கணக்கு மாறாது. அப்புறம் ஒன்று: சந்தையில் கிடைக்கும் 8 சதவீதத்துக்குள் எதிர்பார்க்கும் விலையேற்றம் பொதுவாக ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதைத் தனியாக இன்னொரு முறை கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை எழுதியதாகிவிடும்.

சரி, இப்போது யாரோ ஒருவர், “அடுத்த வருடம் 10,000 வேண்டுமா, இன்றே 9,400 வேண்டுமா?” என்று கேட்கிறார். 8 சதவீதத்தில் 9,400 ஒரு வருடத்தில் 10,152 ஆகும், அதனால் இன்றே வாங்கிக்கொள்வது லாபம். ஆனால் உங்களுக்குக் கிடைப்பது 5 சதவீதம்தான் என்றால் அது 9,870-உடன் நின்றுவிடும், காத்திருப்பதே மேல். இரண்டும் சமமாகும் இடம் ஏறக்குறைய 6.38 சதவீதம். 10,000-ஐ 9,400-ஆல் வகுத்து, வரும் விடையில் 1-ஐக் கழித்தால் இந்த விகிதம் கிடைக்கும்.