மரை வெட்டப் போனால் சேடில் எதிர்ப்பக்கம் ஓடியது

எங்கள் பட்டறையில் இருக்கும் சின்னப் பழைய லேத்தில், டூலைத் தாங்கும் சேடிலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ 6 மி.மீ. பிட்ச்; ஒரு சுற்றுக்குச் சேடில் அவ்வளவு நகரும். நான் வெட்ட வேண்டியது 1.5 மி.மீ. வலது மரை. அதாவது வேலைப்பொருளைச் சுழற்றும் ஸ்பிண்டில் நாலு சுற்று சுற்றினால் லீட் ஸ்க்ரூ ஒரு சுற்றுதான் சுற்ற வேண்டும். இந்த விகிதத்துக்கு 30 பல் கியரும் 120 பல் கியரும் போதும், ஆனால் 120 பல் கியர் எங்களிடம் இல்லை.

அதனால் இரண்டு படியாகப் பிரித்தேன். ஸ்பிண்டிலின் 40 பல் 80-ஐச் சுற்றும். 80 இருக்கும் அதே தண்டில் 30, அது லீட் ஸ்க்ரூவின் 60-ஐச் சுற்றும். பாதியில் பாதி, கால். ஆனால் 30 அந்த 60-ஐ எட்டவில்லை. நடுவில் ஒரு 45 பல் கியரை நுழைத்தேன். ஓட்டிப் பார்த்தால் சேடில், வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்-ஐ விட்டு விலகி ஓடியது. அப்படியே வெட்டினால் இடது மரைதான் வரும்.

நடுக் கியருக்கு எத்தனை பல் இருந்தாலும் வேகம் மாறாது; ஒரு பக்கம் வாங்கிய பல்லை மறுபக்கம் அப்படியே கொடுத்துவிடும். திசையைத்தான் திருப்பும். பல் கடிக்கும் இடங்களை எண்ணுங்கள்: இரட்டைப்படை என்றால் முதல் சக்கரத்தின் திசை, ஒற்றைப்படை என்றால் எதிர்த்திசை. எனக்கு மூன்று இடம். 45-ஐ எடுத்துவிட்டு இரண்டு 25 பல் கியர்களைச் சற்று வளைத்து மாட்டினேன். நாலு ஆனது, சேடில் சக்-ஐ நோக்கி வந்தது.

அப்புறம் டூலை லேசாகத் தொடவிட்டு ஒரு கீறல் போட்டு ஸ்கேல் வைத்தேன். பத்து மரைக்குச் சரியாக 15 மி.மீ.

இந்த இடத்தில் பெல்ட் உதவாது. நேராகப் போட்டால் அதே திசை, குறுக்காகப் போட்டால் எதிர்த்திசை, அதெல்லாம் சுலபம்தான். ஆனால் வி-பெல்ட் கொஞ்சம் வழுக்கும், பிட்ச் நிற்காது.